பட்ஜெட்டை ஏத்தினா லாபம் ஏறுமா?

கீரமங்கலம் பலாப்பழத்தை இன்ஸ்டாகிராம் விளம்பரத்துல விக்கிறோம்னு வெச்சுக்குங்க. விளம்பரச் செலவுக்கு முன்னாடி ஒரு ஆர்டருக்கு 70 ரூபாய் நிக்குது. ‘ஹையஸ்ட் வால்யூம்’ முறையில் தினம் 500 ரூபாய்க்கு 10 ஆர்டர். கையில 200 ரூபாய் லாபம். குஷியாகி பட்ஜெட்டை 1,000 ஆக்கினா, 16 ஆர்டர். சராசரி 62.50தானே? ஆனா லாபம் 120 ஆயிடுச்சே!

காரணம், கடைசி 6 ஆர்டருக்கு மட்டும் ஆளுக்கு 83 ரூபாய். சுலபமா வாங்குறவங்க முடிஞ்சதும், பட்ஜெட்டைத் தீர்க்க மெட்டா விலையை ஏத்திப் பிடிக்குது.

அப்போ ‘காஸ்ட் பெர் ரிசல்ட் கோல்’ 70 போடலாமா? வேணாம் பாஸ்! அது சராசரியைத்தான் கட்டுப்படுத்தப் பார்க்கும்; 83-ஐத் தடுக்காது. 55-ல ஆரம்பிங்க. பட்ஜெட் மிஞ்சினா பரவாயில்ல. காசே செலவாகலைன்னா மட்டும் கொஞ்சம் ஏத்துங்க.