பேஸ்மேக்கர் எதைத் திருத்தும்?

பேஸ்மேக்கர் பொருத்தினால் எவ்வகைத் துடிப்புக் கோளாறும் தீர்ந்துவிடும் என்னும் வாதம், நோயாளிகளைத் தவறான நம்பிக்கையில் நிறுத்துவதால், உறுதியாக மறுக்கப்பட வேண்டியது. வலது மேலறையின் சைனஸ் கணுவில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைகளை எட்டாமல் இடைவழியில் அறுபடுவதே முழு இதய மின்தடை (இது இரத்தக்குழாய் அடைப்பு அன்று). அந்நிலையில் கீழறைகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 முறையே துடிக்க, மூளைக்குக் குருதி குறைந்து நோயாளி மயங்கி விழக்கூடும். கருவியோ இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனித்திருந்து, குறித்த இடைவெளிக்குள் அது வராதபோது மின்கம்பி வழியே சிறு தூண்டலை அனுப்பி, துடிப்பு 60 போன்ற ஒரு வரம்புக்குக் கீழே இறங்காமல் காக்கிறது. ஆனால் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அது நிறுத்துவதில்லை. வேகத்தைத் தணிக்கும் மருந்தால் துடிப்பு மிகவும் குறைந்துவிடும் நோயாளிக்குத் தாங்குதளமாக நிற்கிறதே தவிர, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தை அவர் கைவிட அது காரணமாகாது.