தலைக்கணக்கும் ஸ்கிரீன்ஷாட்டும்

பேத்திக்குப் போன மாசம் குலதெய்வக் கோயில்ல காது குத்தினோம். கிடா வெட்டிக் கறிச்சோறு. விசேஷம் ஞாயித்துக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் சமையக்காரர் போன் பண்ணி, "அண்ணே, எத்தனை இலைன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, அதுக்கு மேல கிடா கிடைக்காது"ன்னார். கோயமுத்தூர்ல இருக்கிற மகன்கிட்டக் கேட்டேன். அரை மணி நேரத்துல வாட்ஸப்புல மூணு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. கீழே ஒரு வரி: "அப்பா, 46 பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு 4 பேர்னு வைச்சா 184. ஒரு 200 பேருக்குச் சொல்லிருங்க."

கணக்கு என்னமோ சுத்தமாத்தான் தெரிஞ்சுது. எனக்குத்தான் மனசு ஒப்பல. காரணம் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க பங்காளி வீட்டு விசேஷத்துல இதே மாதிரி போனைப் பார்த்துத்தான் சமைச்சாங்க. கடைசிப் பந்தியில கறி இல்லை. விடியக்காலை 4 மணியிலிருந்து தண்ணி இறைச்சு ஊத்தின ஆளுக்கு ரசஞ்சோறு விழுந்துச்சு. அவர் ஒன்னும் சொல்லல, சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். அந்த வீட்டுக்காரங்க இன்னைக்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுறாங்க.

அதனால அன்னைக்கு ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஒரு நோட்டை எடுத்துவச்சு, மூணு படத்தையும் ஒவ்வொரு வரியாப் படிச்சேன்.

முதல்ல தெரிஞ்சது, 46ங்கிறது ஆளும் இல்லை, வீடும் இல்லை. அது வெறும் பதில். அதுல 17 பேர் கும்புடுற கை, கட்டைவிரல், இல்லைன்னா "குழந்தைக்கு வாழ்த்துகள்"னு மட்டும் போட்டிருந்தாங்க. வாழ்த்துச் சொன்னவர் வருவாரான்னு எப்படித் தெரியும்? சில பேர் வர முடியாததாலதான் வாழ்த்தையே அனுப்புறாங்க. அடுத்து 6 பதில் ரெட்டை. புருசன் ஒரு "வர்றோம்", பொண்டாட்டி ஒரு "வர்றோம்", ரெண்டும் ஒரே வீடு. அதுல ஒன்னு, முதல் படத்தோட அடியில இருந்த வரியே ரெண்டாவது படத்தோட தலையில மறுபடியும் வந்திருந்துச்சு. மேலே இருந்து கீழே தள்ளித் தள்ளிப் படம் பிடிக்கும்போது இது நடக்கும். இன்னும் 3 பேர் "பார்க்கிறோம்"னு எழுதியிருந்தாங்க. ஆக நெசமா வர்றேன்னு சொன்ன வீடு 20தான்.

இன்னொன்னையும் கவனிச்சேன். படத்து உச்சியில போன் காட்டுற தேதி திங்கக்கிழமை. மகன் அன்னைக்கு எடுத்து வச்சிருந்ததைத்தான் புதன்கிழமை அனுப்பியிருக்கான். நடுவுல ரெண்டு நாளில் யார் மனசு மாறினாங்கன்னு அந்தப் படத்துக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டு எடுத்த நிமிசத்தோட நின்னு போயிரும். குரூப்பு நிக்காது.

மறுநாள் காலையில உக்காந்து போன் பண்ண ஆரம்பிச்சேன். "வர்றீங்களா"ன்னு கேட்கல. அப்படிக் கேட்டா எல்லாரும் வர்றோம்னுதான் சொல்லுவாங்க, மரியாதைக்கு. "உங்க வீட்ல பெரியவங்க எத்தனை, பிள்ளைங்க எத்தனை, பஸ்ஸா காரா"ன்னு கேட்டேன். பஸ்ஸா காரான்னு கேட்டா நெசமா கிளம்புறவங்க உடனே பதில் சொல்லிருவாங்க. கிளம்பாதவங்க இழுப்பாங்க. அந்த 20 வீட்லயிருந்து பெரியவங்க 61, பிள்ளைங்க 15. வாழ்த்து மட்டும் போட்ட 17ல் 5 வீடு வர்றாங்க: பெரியவங்க 14, பிள்ளைங்க 3. "பார்க்கிறோம்"ல ஒரே ஒரு வீடு, 4 பேர். எல்லாம் சேர்த்து குரூப்பு வழியா வர்ற பெரியவங்க 79. மகன் கணக்குல 184 இருந்த இடம் இது.

அப்ப 100 பேருக்குச் சமைச்சாப் போதுமான்னு கேட்பீங்க. அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கு.

பெட்டியைத் திறந்து மகன் கல்யாண மொய் நோட்டை எடுத்தேன். டவுன்ல இருக்கிறவங்களுக்கு மொய் நோட்டுன்னா வரவுக் கணக்கு. எங்களுக்கு அதுதான் ஊர்க்கணக்கு. நாம செஞ்ச வீடு எது, நமக்குச் செஞ்ச வீடு எது, அத்தனையும் அதுல வரிசையா இருக்கும். வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யணுமே, அதனால நோட்டுல இருக்கிற வீட்டுக்காரர் பத்திரிகை கிடைச்சா வந்தே தீருவார். அதைப் புரட்டிக்கிட்டே, குரூப்புல இல்லாத வீட்டை எல்லாம் பென்சிலால சுழிச்சேன். பங்காளிங்க, எங்க தெரு, களையெடுக்க வர்ற பொம்பளைங்க, பட்டன் போனே போதும்னு இருக்கிற கிழடு கட்டைங்க. பெரியவங்க 64, பிள்ளைங்க 18. இவங்களுக்கெல்லாம் வெத்தலை பாக்கு வச்சு நேர்ல சொல்லியாச்சு. அவங்க ஒரு நாளும் "ஓகே"ன்னு எழுதப் போறதில்லை.

அடுத்து தாய்மாமன். அவர் மடியிலதான் பிள்ளையை உக்கார வைச்சுக் காது குத்தணும், சீர் வர்றதும் அவர் வீட்ல இருந்துதான். குரூப்புல இருக்கார், ஆனா ஒரு வார்த்தை எழுதல. போன் போட்டேன். "நான் என்ன விருந்தாளியா மாமா, பதில் எழுதிக்கிட்டு இருக்க? நம்ம வீட்டு விசேஷம்தானே"ன்னு சிரிச்சார். வேன் ஒன்னு, கார் நாலு. பெரியவங்க 42, பிள்ளைங்க 8. நல்லாக் கவனிங்க: எந்த வீட்லயிருந்து அதிகம் பேர் வர்றாங்களோ, அந்த வீடு படத்துல ஒரு வரி கூட இல்லை.

கடைசியா, யாரும் எண்ணாதவங்க. சமையல் ஆளுங்க 6, பந்தல்காரங்க 4, மேளம் 5, போட்டோ எடுக்கிறவங்க 2, வண்டி ஓட்டுறவங்க 3, பூசாரி, காது குத்துற ஆசாரி. 22 பேர். இவங்களும் நம்ம சோத்தைத்தான் சாப்பிடணும்.

கூட்டிப் பார்த்தேன். குரூப்பு வழியா 79, குரூப்புல பேச்சே இல்லாதவங்க 128. பெரியவங்க 207. பிள்ளைங்க 44, அதுல சின்னதெல்லாம் அம்மா இலையிலயே சாப்பிட்டுரும்னு பாதியா 22. மொத்தம் 229 இலை.

மகன்கிட்டச் சொன்னப்ப, "நான் 200 சொன்னேன், நீங்க 229 சொல்றீங்க, பெரிய வித்தியாசம் இல்லையேப்பா"ன்னான். எனக்குப் பயமே அதுதான். ஒரு பக்கம் 100 பேரைக் கூட எண்ணி, இன்னொரு பக்கம் 128 பேரை எண்ணாம விட்டு, ரெண்டு தப்பும் ஒன்னை ஒன்னு மூடிக்கிச்சு. அதனால பார்க்கச் சரியான கணக்கு மாதிரியே தெரியுது. தாய்மாமன் இன்னொரு வேன் கொண்டாந்திருந்தா கதை அப்பவே கந்தலாகியிருக்கும்.

சரி, அந்த 29 பேர் சட்டியில எவ்வளவுன்னு பார்ப்போம். எங்க சமையக்காரர் கிராமத்து இலைக்கு அரிசி 125 கிராம், எலும்போட கறி 150 கிராம்னு போடுவார். 229 இலைக்கு அரிசி 29 கிலோ, கறி 34 கிலோ சொச்சம். உயிர் எடையில பாதிக்குக் கொஞ்சம் குறைவாத்தான் கறி தேறும். 25 கிலோ கிடாயில பதினொன்னு பன்னெண்டு கிலோ. அதனால 3 கிடா. 200 பேர்னு சொல்லியிருந்தா 30 கிலோ கறியோட நின்னிருப்போம், 4 கிலோவுக்கு மேல குறையும்.

சோறு குறைஞ்சா சமாளிக்கலாம். நாங்க அன்னைக்கு 20 கிலோ முதல்ல வடிச்சு, ரெண்டாவது பந்தி உக்காரும்போது ஆளைப் பார்த்து மிச்ச 9 கிலோவை உலையில போட்டோம். இன்னொரு 4 கிலோ மூட்டை பிரிக்காமலே பக்கத்துல இருந்துச்சு, கடைசி வரைக்கும் பிரிக்க வேண்டி வரல. கறியை அப்படிச் செய்ய முடியாது. காட்டுக் கோயில்ல மத்தியானம் 1 மணிக்கு எந்தக் கிடாயைத் தேடிப் போறது? தண்ணியை ஊத்தித்தான் பெருக்கணும். அதனால கறிக்குத்தான் தலைக்கணக்கு சரியா வேணும்.

அந்தக் குறை எல்லார் தலையிலயும் சமமா விழாது, கடைசிப் பந்தி தலையில மட்டும்தான் விழும். முதல் பந்தியில வெளியூர்க்காரங்க, தாய்மாமன் வகை, கார்ல வந்தவங்க. கடைசிப் பந்தியில பரிமாறினவங்க, பாத்திரம் தூக்கினவங்க, மேளக்காரங்க, எங்க தெருக்காரங்க. யார் பேர் குரூப்புல இல்லையோ அவங்கதான் கடைசியா உக்காருறாங்க. எண்ணும்போது விட்டவங்களையே பந்தியிலயும் விட்ட மாதிரி ஆயிரும். ஸ்கிரீன்ஷாட்டை வச்சு இலை சொல்லாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். போன் வேண்டாம்னு சொல்லல. வெளியூர்ச் சொந்தத்துக்கு அது சௌகரியம்தான். ஆனா அது கணக்குல ஒரு பக்கம், மொத்தக் கணக்கு இல்லை.

இதைப் படிக்கிற டவுன்காரங்க கிட்ட ஒன்னே ஒன்னு கேட்கிறேன். ஊர்லயிருந்து பத்திரிகை வந்தா "வர்றோம்"னு எழுதாதீங்க. "பெரியவங்க 3, பிள்ளை 1, சாப்பாட்டுக்கு இருப்போம்"னு எழுதுங்க. வர முடியலைன்னா "வரல"ன்னே எழுதுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். கும்புடுற கையைப் போட்டா, உங்களுக்கு இலை போடுறதா வேண்டாமான்னு ஒரு கிழவன் ராத்திரி கண்ணாடி போட்டுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருப்பான்.

விசேஷம் முடிஞ்சு சாயங்காலம் மிச்ச இலையை எண்ணினோம். 260 வாங்கினதுல 36 இருந்துச்சு. ஆக 224 இலை விழுந்திருக்கு, சொன்னதுக்கு 5 குறைவு. கடைசிப் பந்தியில நானும் மேளக்காரங்க பக்கத்துல உக்காந்தேன். வாளியில கறி இருந்துச்சு. இன்னொரு கரண்டி கேட்டவங்களுக்கு இன்னொரு கரண்டி விழுந்துச்சு. அந்த 224ஐ மொய் நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், அடுத்த விசேஷத்துக்கு ஆகும்.