‘ஏரி’யை ‘எரி’ என்று படிக்கும் கேமரா: மொழிபெயர்ப்புக்கு முன்பே நடக்கும் தவறு

பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய கோவிலம்பாக்கத்தில், தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் கடைப் பலகையையோ வாட்ஸ்அப்பில் படமாக வந்த அறிவிப்பையோ புரிந்துகொள்ள என்ன செய்வார்? செல்போன் கேமராவை நீட்டுவார். வரும் விடை விநோதமாக இருந்தால், ‘டிரான்ஸ்லேஷன் சரியில்லை’ என்பார். ஆனால், பல நேரங்களில் தவறு அதற்கு முந்தைய படியிலேயே நடந்துவிடுகிறது.

செயலி செய்வது இரண்டு வேலை. முதலில், படத்தில் உள்ள வடிவங்களைப் பார்த்து எழுத்துகளாக மாற்ற வேண்டும். இதைத்தான் ஓசிஆர் என்கிறார்கள். அப்படிக் கிடைத்த எழுத்துகளைத்தான் அடுத்து மொழிபெயர்ப்பு வாங்கிக்கொள்கிறது. படத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது.

‘கோவிலம்பாக்கம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். முதல் எழுத்தான ‘கோ’ படத்தில் மூன்று துண்டு: இரட்டைக்கொம்பு, ‘க’, துணைக்கால். யூனிகோடில் அது இரண்டே குறியீடு: முதலில் ‘க’, பிறகு ஓகாரக் குறி. அதாவது இடப்பக்கம் நிற்கும் கொம்பையும் வலப்பக்கம் நிற்கும் காலையும் ஒன்றாகச் சேர்த்து, ‘க’வுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் பல எழுத்துருக்களில் வித்தியாசம், கீழே சாயும் ஒரு சிறு வால்தான். கையால் எழுதும் பலகைகளில் அந்த வாலும் இருக்காது. காலை ‘ர’ என்று படித்துவிட்டால் ‘கோ’ உடைந்து ‘கேர’ ஆகிவிடும். ‘பா’வும் ‘பர’ ஆனால், ஊர் ‘கேரவிலம்பரக்கம்’! அதை ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கு, அதுவும் ஏதோ ஒரு ஊர் மாதிரிதான் தெரியும். பழக்கமான சொல் என்றால், முன்பின் சொற்களை வைத்து ஓசிஆர் ஓரளவு திருத்திக்கொள்ளும். ஊர்ப் பெயர், ஆள் பெயருக்கு அந்த உதவி பெரிதாகக் கிடைப்பதில்லை.

பெயர் உளறினால்கூடப் பரவாயில்லை, சந்தேகமாவது வரும். பிழையான சொல்லுக்கும் ஓர் அர்த்தம் இருந்தால்தான் ஆபத்து. கோவிலம்பாக்கத்தைச் சுற்றி நாராயணபுரம், கீழ்க்கட்டளை என ஏரிகள் உண்டு. ‘ஏரியில் குப்பை போடாதீர்’ என்று ஒரு பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஏ’வின் அடியில் உள்ள சிறு கோடு பெயின்ட் உதிர்ந்தோ நிழலிலோ மறைந்தால் அது ‘எ’. ‘எரி’ என்றால் நெருப்பு. மொழிபெயர்ப்பு, ‘நெருப்பில் குப்பை போடாதீர்’ என்று இலக்கணம் பிசகாமல் வந்து நிற்கும். படிப்பவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

கூட்டெழுத்தில் இன்னொரு வகைச் சிக்கல். தமிழில் இவை குறைவு: ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவைதான். ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், மற்றொன்று கிரந்த ‘ஶ’வில் தொடங்கும். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஓசிஆர் ஒன்றைக் கொடுத்து, தேடும் பட்டியலில் மற்றொன்று இருந்தால், கண்முன்னே இருக்கும் அபார்ட்மென்ட் பெயர்கூடத் தேடலில் சிக்காமல் போகலாம்.

இதற்கெல்லாம் ‘நல்ல கேமரா போன் வாங்கு’ என்பது பாதி பதில்தான். எழுத்தின் உயரம் 30 பிக்சல் என்றால் புள்ளிக்குக் கிடைப்பது மூன்று, நான்கு பிக்சல். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது முதலில் மங்குவது அதுதான். அதனால் அறிவிப்பைப் படமாக அனுப்புபவர், ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் படம் சுருங்காது. அதைவிட நல்லது, அதே வாசகத்தை டைப் செய்தும் போடுவது. குடியிருப்போர் சங்கங்களும் அரசு அலுவலகங்களும் இதைப் பழக்கமாக்க வேண்டும்.

பெரிய பொறுப்பு செயலிகளுக்குத்தான். மொழிபெயர்ப்பைப் படத்தின் மேலேயே ஒட்டிக் காட்டும்போது, மூல எழுத்து மறைந்துவிடுகிறது. அந்தப் பக்குவமான ஆங்கில வாக்கியம், அடியில் உள்ள பிழையையும் சேர்த்து மூடிவிடுகிறது. ‘நான் படித்தது இது’ என்று தமிழ் வரியை முதலில் காட்டி, உறுதியில்லாத எழுத்துக்கு அடிக்கோடிட்டால் போதும். தமிழ் தெரியாதவர்கூடப் படத்தையும் வரியையும் பக்கத்தில் வைத்து, அந்தக் கோடு இருக்கிறதா, இல்லையா என்று ஒப்பிட முடியும். அதுவரை, கேமரா சொன்னதை நம்பும் முன், படத்தையும் தமிழ் வரியையும் சேர்த்து, தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதுதான் பாதுகாப்பு.