மழையில் பெல்ட் நின்றால்

“முதல்ல ப்ரோக்ராமை எழுதிடுவோம், ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கலாம்” என்று என் வயது மென்பொருள்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெய்வேலிச் சுரங்கத்தின் பெல்ட்டுகள்தான் ஞாபகம் வரும். அங்கே நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டுகிறது. அந்த மண் ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு மாறி மாறிப் போகிறது. கடைசியில் ஸ்ப்ரெட்டர் அதை, ஏற்கெனவே தோண்டி முடித்த பள்ளத்தில் கொட்டுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றாலும் பின்னால் வருகிற மண் நிற்காது.

அதனால் கிளப்புவது வாலிலிருந்துதான். சைரன் ஒலிக்கும். கொஞ்சம் காத்திருந்து ஸ்ப்ரெட்டர் ஓடும். பிறகு அதற்கு முந்தைய பெல்ட், அதற்கும் முந்தையது, கடைசியில் வெட்டும் சக்கரம். நிறுத்தும்போது நேர் எதிர்: சக்கரம் முதலில் நிற்கும், ஸ்ப்ரெட்டர் கடைசியில். நடுவில் ஏதாவது ட்ரிப் ஆனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் உடனே நிற்க வேண்டும். இதை யாரும் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள்:

```
C1_RUN := C1_CMD AND C2_RUN AND NOT PULLCORD;
```

C1 மண்ணைக் கொண்டுவரும் பெல்ட், C2 வாங்கிக்கொள்ளும் பெல்ட். C2 ஓடினால்தான் C1 ஓடும். சரிதானே? சரியில்லை. C2 “ஓடுகிறது” என்று யார் சொன்னது? மோட்டாருக்குக் கரண்ட் போகிறது என்று கான்டாக்டர் சொன்னது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் களிமண் ஒட்டி, உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்ட் வழுக்கி நின்றுவிடும். ப்ரோக்ராமுக்கு எல்லாம் நலம். C1 கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்கு முன்கூட்டியே எழுதவேண்டிய வாக்கியம் எளிமையானது: “ஓடுகிறது என்றால், மோட்டார் இல்லாத வால் உருளை குறித்த வேகத்தில் சுற்றுகிறது என்று பொருள்.” அந்த உருளையை பெல்ட்தான் சுற்றவைக்கிறது. அதனால் அது பொய் சொல்லாது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த வம்பு. இரண்டு பெல்ட்டும் விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். C2 ட்ரிப் ஆகிறது, அதே கணத்தில் C1-க்கும் கரண்ட் அறுகிறது. ப்ரோக்ராமில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் C1 நீளமானது, உருண்டு நிற்க 15 விநாடி. C2 குட்டை, 5 விநாடியில் நின்றுவிடும். வேகம் சீராகக் குறைந்தால் C1 37.5 மீட்டர் நகரும், C2 12.5 மீட்டர். மிச்சம் 25 மீட்டர் பெல்ட்டின் மண் இடையிலுள்ள சூட்டில் விழும். மீட்டருக்கு 200 கிலோ என்றால் 5 டன். சூட் அடைத்துக்கொள்ளும், ஆட்கள் மண்வெட்டியோடு இறங்க வேண்டும்.

இதற்கு விடை ப்ரோக்ராமிலேயே கிடையாது. C1-க்கு பிரேக் வேண்டும், இல்லையென்றால் சூட் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் இரும்பு. ஆர்டர் போட்டு, செய்து வந்து சேர மாதங்கள் ஆகும். “ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கலாம்” என்பவர் இந்த இடத்தில் எதைத் திருத்துவார்?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் ஊர் ஆலையில், இழுகயிறு பற்றி ஒரு வாக்கியமும் எழுதாமல் ப்ரோக்ராம் எழுதினேன். கயிற்றை யாரோ இழுத்தார்கள், பெல்ட் நின்றது. ஸ்விட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் பெல்ட் தானாகவே கிளம்பிவிட்டது, ஏனென்றால் ஸ்டார்ட் ஆணையை நான் அழிக்கவில்லை. காலி பெல்ட், பக்கத்தில் ஆள் இல்லை. ஆபரேட்டர் என்னைத் திட்டவில்லை. “இதை முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே தம்பி” என்றார். எனக்கு அதுதான் வலித்தது.

அவரிடம் எதைக் காட்டிக் கேட்டிருப்பேன்? மேலே இருக்கும் அந்த ஒற்றை வரியையா? அதை மறுத்துப் பேச அவரால் முடியாது. “கயிற்று ஸ்விட்ச் சரியானதும் பெல்ட் தானாகக் கிளம்பும்” என்று தமிழில் எழுதிக் காட்டியிருந்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தியிருப்பார். இயக்க வரிசையை முன்கூட்டியே எழுதுவதன் பயன் எனக்கு இதுதான்: இயந்திரத்தோடு இருப்பவருக்கு “இல்லை” என்று சொல்ல ஓர் இடம்.

எழுதினதெல்லாம் பழசாகிவிடும் என்பார்கள். ஆகும். களத்தில் ஒன்று மாறினால் முதலில் வாக்கியத்தை மாற்று, அடுத்து ப்ரோக்ராமை. பழைய திட்டத்திலிருந்து வெட்டி ஒட்டிய 200 பக்கத்தை நானும் ஸ்பெக் என்று சொல்ல மாட்டேன். அதை யாரும் படிப்பதில்லை, எழுதியவர் உட்பட. எனக்கு வேண்டியது நாலு பக்கம்: எந்த வரிசையில் கிளம்பும், எந்த வரிசையில் நிற்கும், “ஓடுகிறது” என்றால் என்ன, நின்றபின் யார் கை பட்டால் மறுபடி கிளம்பும். இந்த நாலையும் எழுத முடியாதவருக்கு ப்ரோக்ராமும் தெரியாது. அவர் தட்டச்சு செய்கிறார், அவ்வளவுதான்.