வாலாஜாபேட்டைக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு வேறொரு கணக்கு: பட்ஜெட் பற்றாக்குறை என்றால் நஷ்டமா?

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு மறுநாளும் டீக்கடையில் ஒரு பேச்சு கேட்கும். "இத்தனை ஆயிரம் கோடி துண்டு விழுதாமே, கவர்ன்மென்ட் நஷ்டத்துல ஓடுதுப்பா!" துண்டு விழுவது உண்மை. ஆனால் அது நஷ்டமா என்பது வேறு கேள்வி. அந்த வித்தியாசம் புரியாவிட்டால், பயப்பட வேண்டாத எண்ணைப் பார்த்துப் பயப்படுவோம். பயப்பட வேண்டியது கண்ணிலேயே படாமல் போய்விடும்.

ஒரு டேனரியின் மார்ச் மாதம்

வாலாஜாபேட்டை பக்கம் ஒரு சின்ன தோல் பதனிடும் டேனரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 50 லட்சம் ரூபாய்க்குத் தோல் ஏற்றுமதி செய்திருக்கிறது. சரக்கு மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டது, பணம் வர ஜூன் ஆகும். அந்தத் தோலுக்கான பச்சைத்தோல், கெமிக்கல், கூலி எல்லாம் சேர்த்து 42 லட்சம். அதில் 12 லட்சம் கொடுத்தாயிற்று, மீதி 30 லட்சம் கடன். இதற்கிடையே 10 லட்சத்துக்குப் புது டிரம் ஒன்றும் ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார் முதலாளி. அது பத்து ஆண்டு உழைக்கும்.

மார்ச் 31 அன்று கல்லாவைப் பார்த்தால் வந்தது பூஜ்யம், போனது 22 லட்சம். ஆனால் ஆடிட்டர் எழுதும் கணக்கு வேறு. விற்பனை 50 லட்சம், செலவு 42 லட்சம், டிரம்முக்கு இந்த ஆண்டின் தேய்மானம் 1 லட்சம். ஆக, லாபம் 7 லட்சம்.

இரண்டுமே பொய்யில்லை. முதலாவது ரொக்க அடிப்படை. பணம் கைமாறும் நாளில்தான் எழுதுவார்கள். இரண்டாவது அக்ரூவல் முறை. வரவேண்டியதும் தரவேண்டியதும் உறுதியான நாளிலேயே எழுதிவிடுவார்கள். கம்பெனிகள் சட்டப்படி இரண்டாவது முறையில்தான் கணக்கு எழுத வேண்டும். மத்திய, மாநில அரசுகளின் கணக்கும் பட்ஜெட்டும் இன்றும் முதல் முறையில்தான் நடக்கின்றன.

அப்படியானால் பற்றாக்குறை எது?

இந்த டேனரி அரசாங்கமாக இருந்தால், 22 லட்சத்தை 'நிதிப் பற்றாக்குறை' என்று அறிவிப்பார்கள். அதாவது, அந்த ஆண்டு வாங்க வேண்டிய கடன். அதிலிருந்து டிரம் வாங்கிய 10 லட்சத்தை மூலதனச் செலவு என்று கழித்தால் மிஞ்சும் 12 லட்சம் 'வருவாய் பற்றாக்குறை'. லாபம் சம்பாதித்த அதே டேனரிக்கு இரண்டு பற்றாக்குறைகள்!

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை இப்படிப் படித்துப் பார்க்கலாம். 2020-21இல் நிதிப் பற்றாக்குறை சுமார் 92 ஆயிரம் கோடி, வருவாய் பற்றாக்குறை சுமார் 61 ஆயிரம் கோடி என்றது அது. 92 என்பது நஷ்டம் இல்லை. அதில் சுமார் 31 ஆயிரம் கோடி பாலம், கட்டடம் போன்றவற்றுக்கும், அரசு கொடுத்த கடன்களுக்கும் போனது. உண்மையில் கவலை தரவேண்டியது 61தான். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கிய தொகை அது.

நஷ்டத்துக்கு ஓரளவு பக்கத்தில் வருவது வருவாய் பற்றாக்குறை. ஆனால் அதுவும் நஷ்டம் ஆகிவிடாது. பாலாற்றுப் பாலம் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு தேய்வதற்கு அதில் ஒரு ரூபாயும் செலவாக எழுதப்படுவதில்லை. அரசு தரவேண்டிய பாக்கிகளும் அதில் இல்லை. தவிர, கம்பெனி பொருள் விற்றுச் சம்பாதிக்க வேண்டும். அரசு வரி போடலாம். இலவசமாகத் தடுப்பூசி போடுவதில் அரசுக்கு 'லாபம்' என்று ஒன்று வராது, வரவும் வேண்டியதில்லை.

ரொக்கக் கணக்கில் எது ஒளிந்துகொள்கிறது?

ஏற்றுமதியாளருக்கு 2 லட்சம் ஜிஎஸ்டி ரீஃபண்ட் மார்ச் 31க்குள் வரவில்லை என்றால், டேனரியின் புத்தகத்தில் அது வரவேண்டிய சொத்தாக நிற்கும். அரசின் பற்றாக்குறைக் கணக்கில் அந்த 2 லட்சம் கடனாக எங்கும் தெரியாது. ஒப்பந்தக்காரரின் பில்லை மார்ச் 31க்குப் பதில் ஏப்ரல் 1 அன்று பாஸ் செய்தால், ஒரே ராத்திரியில் அந்த ஆண்டின் பற்றாக்குறை குறைந்துவிடும். கடன் குறைந்திருக்காது, தேதிதான் மாறியிருக்கும்.

பெரிய உதாரணமும் உண்டு. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. ஓய்வு பெறும் நாளில் மொத்தமாகத் தரவேண்டிய பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் தள்ளிப்போயின. ரொக்கக் கணக்கில் அந்த ஆண்டுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பொறுப்பு மறையவில்லை. கூடுதல் சர்வீஸுக்கு ஏற்ப வளரத்தான் செய்தது. அக்ரூவல் முறையில் எழுதியிருந்தால், ஊழியர் வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆண்டும் அந்தச் செலவு ஏறிக்கொண்டே வந்திருக்கும்.

நகராட்சி காட்டும் பாடம்

விஷயம் என்னவென்றால், இந்த மாற்றம் தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை. 1866இல் உருவான வாலாஜாபேட்டை நகராட்சி உட்பட, மாநிலத்தின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2000-01 முதல் அக்ரூவல் முறைக்கு மாறிவிட்டன. அரையாண்டு சொத்து வரிக்கு டிமாண்ட் போட்டவுடன் அது வருமானம், கட்டாதது நிலுவை. குடிநீருக்கும் கரண்டுக்கும் தரவேண்டிய பாக்கி கடன். சாலைக்கும் கட்டடத்துக்கும் தேய்மானம் உண்டு. நகராட்சி எழுதும் இந்தக் கணக்கைக் கோட்டை எழுதுவதில்லை.

அதற்காக அக்ரூவல் முறை மந்திரக்கோல் என்று நினைத்துவிட வேண்டாம். வசூலாகவே ஆகாத பத்து வருட வரி நிலுவையும் புத்தகத்தில் சொத்தாக நின்றால், நகராட்சி காகிதத்தில் உபரி காட்டும், கையில் சம்பளம் போடப் பணம் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. உபரியோடு நிலுவையும் ஆண்டுதோறும் சேர்ந்தே வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய நிலுவைக்கு 'வராக்கடன்' ஒதுக்கீடு செய்யாத கணக்கு முழுக் கணக்கு இல்லை. அதனால் ரொக்கக் கணக்கைத் தூக்கிப்போடக் கூடாது, இரண்டும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

சி.ரங்கராஜன் தலைமையிலான 12ஆவது நிதிக்குழு 2004இலேயே அரசுகள் அக்ரூவல் முறைக்கு மாறப் பரிந்துரைத்தது. நியூசிலாந்து 1990களின் தொடக்கத்திலேயே மாறிவிட்டது. மொத்தமாக மாறுவது கஷ்டம்தான். ஒவ்வொரு பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மதிப்பு போட வேண்டும், கணக்குப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு பக்கம் சேர்ப்பதற்கு இருபது ஆண்டு தேவையில்லை. பட்ஜெட் உரையில் பற்றாக்குறையைச் சொல்லும் அதே மூச்சில், மார்ச் 31 அன்று பாஸ் ஆகாமல் கிடந்த பில் எவ்வளவு, சேர்ந்துவிட்ட ஓய்வூதியப் பொறுப்பு எவ்வளவு, திருப்பித் தராத ரீஃபண்ட் எவ்வளவு என்று மூன்று எண்களையும் சொல்லட்டும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். சுத்தம் செய்யும் செலவு அரசின் தலையில் விழுந்தால், பணம் கைமாறும் ஆண்டில்தான் அது பற்றாக்குறையில் தெரியும். அதுவரை கணக்கில் அது பூஜ்யம். நிலத்தடி நீரில் பூஜ்யம் இல்லை. அடுத்த பட்ஜெட்டில் 'துண்டு எவ்வளவு?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எழுதாமல் விட்டது எவ்வளவு?' என்றும் கேட்டுப் பழகலாம்.