முன்னதாகக் கண்டால் ஆயுள் நீளுமா?

புற்றுநோயை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நீண்டகாலம் நோயாளி உயிர்வாழ்வார் என்று பள்ளிகளிலும் சுகாதார முகாம்களிலும் சொல்லப்படுகிறது. இக்கூற்று பாதி உண்மையே. இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் பாலக்காட்டின் எல்லைக் கிராமங்களிலும் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் மறுபாதியையும் அறிதல் வேண்டும்.

வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் தோட்டத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 60ஆம் வயதில் வாயில் வலி தோன்றுகிறது, நோய் தெரியவருகிறது, 62ஆம் வயதில் இறக்கிறார். நோய் அறிந்தபின் அவர் வாழ்ந்தது 2 ஆண்டு. அதே மனிதருக்கு 56ஆம் வயதிலேயே முகாமில் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சையால் பயன் விளையாது, அதே 62ஆம் வயதில் அவர் இறந்தால், கணக்கில் 6 ஆண்டு வாழ்ந்தவராகிறார். ஐந்தாண்டு பிழைத்தோர் பட்டியலிலும் இடம் பெறுகிறார். ஆயினும் அவருடைய ஆயுளில் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலமே கூடியது. முன்னதாகக் கண்டதனால் மட்டும் நேரும் இம்மயக்கத்தை முன்கூட்டல் காலப் பிழை எனலாம்.

இதனினும் நுட்பமானது மிகைக் கண்டறிதல். சில கட்டிகள் மிக மெதுவாக வளர்வன. அவற்றை உடையவர் வேறு காரணத்தால் இறக்கும்வரை அவை தொல்லை தருவதில்லை. அத்தகைய கட்டிகளைத் தேடிக் கண்டால், அந்நோயாளிகள் அனைவரும் குணமடைந்தவர்களாகக் கணக்கில் சேர்வர். பிழைத்தோர் விகிதம் உயரும், இறப்பு குறையாது.

ஆதலின், சரியான வினா நோயாளிகளில் எத்தனை பேர் பிழைத்தனர் என்பதன்று. மக்கள்தொகையில் எத்தனை பேர் இறந்தனர் என்பதே. இவ்வினாவைக் கேரளத்திலேயே சோதித்தனர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சித் தொகுதிகளைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, 1996 முதல் 35 வயதுக்கு மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்வையிட்டனர். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவ வசதியே கிடைத்தது. இதன் முடிவு 2005இல் வெளியாயிற்று.

பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 205 பேருக்கு நோய் தெரிந்தது. 77 பேர் இறந்தனர். மற்றதில் 158 பேருக்கு நோய் தெரிந்தது. 87 பேர் இறந்தனர். நோயாளிகளில் இறந்தோர் நூற்றுக்கு 55இலிருந்து 38ஆகக் குறைந்தனர் என்று கூறினால் பெருவெற்றியாகத் தோன்றும். ஆனால் முதற்பிரிவில் நோயாளிகளின் எண்ணிக்கையே மிகுந்திருப்பதைக் காண்க. மக்கள்தொகையும் கண்காணித்த காலமும் சேர்ந்த கணக்கில், இறப்பு விகிதம் ஆண்டுக்கு லட்சத்திற்கு 20.7க்குப் பதில் 16.4 ஆகும். இது 21 சதவீதக் குறைவே. அதுவும் தற்செயலாக இருத்தல் கூடும் எனக் கருதத்தக்கது. எனினும் புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே குறைவு 34 சதவீதம். இது தற்செயலுக்கு அப்பாற்பட்டது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் பின்னும் அவர்களிடையே 24 சதவீதக் குறைவு காணப்பட்டது. பரிசோதனையின் மெய்யான பயன் இவ்வளவே. அது எவருக்கு உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

இதற்கு மாறானது தைராய்டுப் புற்று. தென்கொரியாவில் ஸ்கேன் பரிசோதனை பரவியதால், 1993ஐவிட 2011இல் இந்நோய் 15 மடங்கு மிகுதியாகக் கண்டறியப்பட்டது. இறப்பு விகிதமோ மாறவில்லை. அறுவைக்குள்ளான பலர் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டியவர் ஆயினர். திருவனந்தபுரம் மாவட்டப் பெண்களிடையேயும் இந்நோயின் பதிவு நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாகும். தொல்லை ஏதுமில்லாதவரின் கழுத்தை ஸ்கேன் செய்யத் தூண்டுவது அவருக்கு நன்மையாகாது என்பது என் கருத்து.

எல்லைப் பகுதியில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. மூணாற்றில் நோய் அறியப்பட்டவர் தம் பூர்விக ஊரான தேனிப் பக்கம் சென்று இறந்தால், அவ்விறப்பு இங்குள்ள ஏட்டில் ஏறாது போகலாம். அப்போது இறந்தவரும் பிழைத்தவராகத் தோன்றுவார். எனவே ஊர் மாறியோரின் நிலையை உறவினரிடம் கேட்டுக் குறித்தல் வேண்டும்.

முகாம் அறிக்கையில் கண்டுபிடித்த நோயாளிகளின் தொகையை வெற்றியாக எழுதுவது போதாது. மேற்கூறிய ஆய்வில் சந்தேகத்துக்கிடமான 5,145 பேருள் 3,218 பேரே மருத்துவரிடம் சென்றனர். மலைவழிப் பயணமும் ஒருநாட் கூலி இழப்பும் உள்ள தோட்டங்களில் இக்குறை பெரிதாகும். புகையிலை மெல்லுவோரை முதலில் பாருங்கள்; ஆறாத புண்ணையோ வெண்படலத்தையோ கண்டால் அவர் மருத்துவரை அடைந்தாரா என்பதை உறுதி செய்யுங்கள். மருத்துவரை அடையாதவர்க்கு முன்னதாக அறிந்ததால் வந்த பயன் அச்சம் ஒன்றே.