ஓர் எண் பிழைத்தால் பணம் திரும்புமா?

கடந்த மாதம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கிளிநொச்சியிலுள்ள அம்மாவுக்குக் கைத்தொலைபேசி வழியாக 25,000 ரூபாய் அனுப்பினேன். கணக்கிலக்கத்தில் ஓர் எண் மாறிவிட்டது. பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் உடனடிப் பரிமாற்றத்தில் பெரும்பாலும் கணக்கிலக்கத்தைப் பார்த்தே பணம் வரவு வைக்கப்படுகிறது. அது சில விநாடிகளில் முடிந்துவிடுவதால் இடையில் நிறுத்தவும் வழியில்லை.

அன்றே கண்டி நகரிலுள்ள எனது வங்கிக் கிளைக்குச் சென்றேன். பரிமாற்ற இலக்கம், நேரம், பிழையான கணக்கிலக்கம், சரியான கணக்கிலக்கம் ஆகியவற்றை எழுதி முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன். எனது வங்கி மற்ற வங்கிக்கு அறிவித்தது. அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்டது. அவர் யாரென்று எனக்குச் சொல்லவில்லை. அது வங்கி இரகசியம். அவர் சம்மதித்ததால் பதினோராம் நாள் பணம் திரும்பியது.

அவர் மறுத்திருந்தால், அல்லது பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தால்? வங்கி தானாக அதை மீளெடுப்பது கடினம். வங்கி முறைப்பாட்டை இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பெற்றவரே மறுத்தால் பொலிஸ் முறைப்பாடும் நீதிமன்ற வழக்குமே மிச்சம். சிறு தொகைக்கு வழக்குச் செலவே அதை விழுங்கிவிடும்.

இப்போது புதிய கணக்குக்கு முதலில் 100 ரூபாய் அனுப்பி, "வந்ததா அம்மா?" என்று கேட்ட பிறகுதான் மீதியை அனுப்புகிறேன்.